மடிக்கணினி வாங்க ஓர் அட்டவணை: பங்கு, புள்ளி, மொத்தம்

ஈசூனில் வசிக்கும் என் அக்காள் மகளுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகப் பாடப்பிரிவில் இடம் கிடைத்ததும், வீட்டில் மடிக்கணினிப் பேச்சு தொடங்கிவிட்டது. விலையைப் பார்க்க வேண்டும் என்றார் அத்தான். தினமும் டோவரிலுள்ள கல்லூரி வரை தூக்கிச் செல்லப்போவது நான்தானே என்றாள் அவள். இத்தகைய நிலையில் உதவுவதுதான் எடையிட்ட முடிவு அட்டவணை: ஒவ்வோர் அம்சத்திலும் ஒவ்வொரு கணினிக்கும் புள்ளி போட்டு, அதை அந்த அம்சத்தின் முக்கியத்துவத்தால் பெருக்கி, கூட்டி வரும் மொத்தங்களை ஒப்பிடுவது. மடிக்கணினியின் எடையோடு குழம்பக் கூடாது என்பதற்காக, ஒவ்வோர் அம்சத்துக்கும் நாம் தரும் முக்கியத்துவத்தை இங்கே ‘பங்கு’ என்றே குறிப்பிடுகிறேன்.

முதற்படி: சலித்தெடுத்தல்

எதை விட்டுக்கொடுக்கவே முடியாதோ அதை அட்டவணைக்குள் கொண்டுவரக் கூடாது. அதை வாசலிலேயே நிறுத்திக் கேட்க வேண்டும். நாங்கள் வைத்த நிபந்தனைகள் இரண்டு: நினைவகம் 16 ஜிபி இருக்க வேண்டும், பொருள் சேவை வரி உட்பட விலை 1,600 வெள்ளியைத் தாண்டக் கூடாது. ஐந்து கணினிகளில் ஒன்று விலையால் கழிந்தது. மற்றொன்றில் 8 ஜிபி நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்ததால், பின்னர் கூட்டிக்கொள்ளவும் வழியில்லாமல் கழிந்தது. எஞ்சிய மூன்றை அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: அம்சங்களும் அளவுகோலும்

எடை, மின்கலம், விலை, வேகம் ஆகிய நான்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். உத்தரவாதம் முக்கியமானதுதான் என்றாலும், மூன்றுக்கும் ஒரே ஓராண்டு உத்தரவாதம் என்பதால் அது எந்தக் கணினியையும் முன்னே தள்ளாது. ஆகவே அதை விட்டுவிட்டோம். ‘மெல்லியது’, ‘பைக்குள் அடங்குவது’ என்று தனித்தனி வரிகள் சேர்ப்பதும் தவறு, ஏனெனில் அவை எடை என்ற ஒரே குணத்தை மூன்று முறை எண்ணிவிடும்.

அடுத்து, புள்ளி போடுவதற்கு முன்பே 0 என்றால் என்ன, 10 என்றால் என்ன என்று எழுதி வைக்க வேண்டும். முதல் முறை நான் இதைச் செய்யாமல் ‘நன்றாக இருக்கிறது, 8 போடலாம்’ என்று மனம்போன போக்கில் போட்டதில், மூன்று கணினிகளும் ஏழரையை ஒட்டியே வந்து நின்றன. அந்த அட்டவணையால் ஒரு பயனும் இல்லை. திருத்தி எழுதிய அளவுகோல் இது:

- எடை: 2.2 கிலோ என்றால் 0, 1.2 கிலோ என்றால் 10. ஒவ்வொரு 100 கிராம் குறைவுக்கும் ஒரு புள்ளி.
- மின்கலம்: 4 மணி நேரம் என்றால் 0, 9 மணி நேரம் என்றால் 10. ஒவ்வோர் அரை மணிக்கும் ஒரு புள்ளி.
- விலை: 1,600 வெள்ளி என்றால் 0, 1,100 வெள்ளி என்றால் 10. ஒவ்வொரு 50 வெள்ளிக்கும் ஒரு புள்ளி.
- வேகம்: காணொளித் தொகுப்பு திக்கித் திணறினால் 0, தடையின்றி ஓடினால் 5, முப்பரிமாண வரைகலையும் தடையின்றி ஓடினால் 10.

மின்கல நேரத்தைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதிலிருந்து எடுக்காதீர்கள். நிறுவனங்கள் வெவ்வேறு முறையில் அளப்பதால், மூன்றையும் ஒரே முறையில் சோதித்த ஒரே இடத்திலிருந்து எண்களை எடுப்பதே நியாயம்.

மூன்றாம் படி: பங்கு நிர்ணயித்தல்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ‘உனக்கு விலை முக்கியமா, எடை முக்கியமா?’ என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்கும் விடைக்கு அர்த்தமில்லை. எத்தனை வெள்ளி வேறுபாடு, எத்தனை கிராம் வேறுபாடு என்பதைப் பொறுத்தே அது மாறும். மூன்று கணினிகளும் 20 வெள்ளிக்குள் அடங்கியிருந்தால், எவ்வளவு சிக்கனக்காரருக்கும் விலை ஒரு பொருட்டாகாது.

ஆகவே அக்காள் மகளிடம் இப்படிக் கேட்டேன்: “2.2 கிலோ எடை, 4 மணி நேர மின்கலம், 1,600 வெள்ளி, திணறும் வேகம் என்று எல்லாவற்றிலும் சுழியம் வாங்கிய ஒரு கணினி உன் கையில் இருக்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் 10க்கு உயர்த்தலாம் என்றால் எதை உயர்த்துவாய்?” அவள் யோசிக்கவே இல்லை. “எடையை, மாமா. ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறி ஏறினால் உட்கார இடமே கிடைக்காது” என்றாள். அதற்கு 100 கொடுத்தோம். அதனுடன் ஒப்பிட, மின்கலம் 4 மணியிலிருந்து 9 மணிக்கு உயர்வது 70 பெறும் என்றாள். விலையில் 500 வெள்ளி குறைவது 50, வணிகப் பாடத்துக்கு அதிகம் தேவைப்படாத வேகம் 30. கூட்டினால் 250. ஒவ்வொன்றையும் 250ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 40, 28, 20, 12 என்ற பங்குகள் கிடைக்கும்.

நான்காம் படி: புள்ளியும் மொத்தமும்

அ: 1.7 கிலோ, 6.5 மணி, 1,150 வெள்ளி. ஆ: 1.3 கிலோ, 8 மணி, 1,500 வெள்ளி. இ: தனி வரைகலை அட்டை கொண்டது, 2.1 கிலோ, 5 மணி, 1,300 வெள்ளி. இவற்றை அளவுகோலில் பொருத்தினால்:

| அம்சம் | பங்கு | அ | ஆ | இ |
|---|---|---|---|---|
| எடை | 40 | 5 | 9 | 1 |
| மின்கலம் | 28 | 5 | 8 | 2 |
| விலை | 20 | 9 | 2 | 6 |
| வேகம் | 12 | 4 | 5 | 9 |
| மொத்தம் | 100 | 5.68 | 6.84 | 3.24 |

ஒரு நிரலைக் கையால் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஆ கணினிக்கு 40×9 = 360, 28×8 = 224, 20×2 = 40, 12×5 = 60; கூட்டினால் 684, அதை 100ஆல் வகுத்தால் 6.84. விரிதாளில் பங்குகள் B2 முதல் B5 வரையிலும், அ கணினியின் புள்ளிகள் C2 முதல் C5 வரையிலும் இருந்தால், C6இல் இதை இட்டு வலப்புறம் இழுத்தால் போதும்:

```
=SUMPRODUCT($B$2:$B$5,C2:C5)/SUM($B$2:$B$5)
```

டாலர் குறிகளை விட்டுவிட்டால், இழுக்கும்போது பங்கு நிரலும் சேர்ந்து நகர்ந்து விடைகள் பிழையாகும். புள்ளிக் கட்டத்தில் ‘5 புள்ளி’ என்று எழுத்தும் சேர்த்து எழுதினால், சூத்திரம் அதை எண்ணாகக் கொள்ளாமல் சுழியமாக்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது, ஒரு மொத்தம் மட்டும் காரணமின்றித் தாழ்ந்து நிற்கும்.

ஐந்தாம் படி: அசைத்துப் பார்த்தல்

ஆ வென்றதை அத்தான் ஒப்பவில்லை. “பணம் கட்டுவது நான். விலைக்கு 20 மட்டும்தானா?” என்றார். அவர் கேட்டது நியாயமே. விலையின் பங்கைச் சிறிது சிறிதாக உயர்த்தி, மற்ற மூன்றையும் 40:28:12 என்ற அதே விகிதத்தில் சுருக்கிக்கொண்டே வந்தோம். விலைக்கு 30 கொடுத்தபோதும் ஆ மயிரிழையில் முன்னே நின்றது. 35 கொடுத்தபோது அ 6.30, ஆ 5.93 என்று நிலை மாறியது. திருப்பம் ஏறத்தாழ 31இல் இருந்தது. இ எந்த நிலையிலும் முன்னுக்கு வராததால் அதைப் பற்றிய பேச்சு அத்துடன் நின்றது. அ, ஆ இரண்டுக்கும் வேகத்தில் ஒரு புள்ளிதான் வேறுபாடு என்பதால், 400 கிராமும் ஒன்றரை மணி நேர மின்கலமும் 350 வெள்ளி பெறுமா என்ற ஒரே கேள்வியே இருவருக்கும் இடையே எஞ்சியது.

அத்தான் 35இலிருந்து இறங்கவில்லை, மகளும் 20இலிருந்து ஏறவில்லை. இரண்டு வாரம் கழித்து நடந்த கணினிக் கண்காட்சியில் ஆ 1,350 வெள்ளிக்கு வந்தது. விலைப் புள்ளி 2 இருந்த கட்டத்தில் 5 என்று மாற்றினோம். மகளின் பங்குகளின்படி ஆ 7.44, அத்தானின் பங்குகளின்படி அ 6.30, ஆ 6.98. அத்தான் அட்டையை எடுத்து நீட்டினார்.