சராசரிச் செலவு அடிமட்டம் தொடும் இடம்: மாவுக் கடைக் கணக்கோடு ஒரு செய்முறை

பிளஸ் ஒன் வணிகக் கணிதம் படித்தவர்களுக்குப் பழக்கமான விதி இது: சராசரிச் செலவு மிகக் குறைவாக இருக்கும் உற்பத்தி அளவில், இறுதிநிலைச் செலவும் அதுவும் சமம். வகையிட்டு மூன்று வரியில் நிரூபித்துவிடலாம். ஆனால் நிரூபித்த பிறகும் "அதெப்படி சரியாக அங்கே போய்ச் சமமாகிறது?" என்ற கேள்வி பலருக்கு மிச்சமிருக்கும். அதனால் இங்கே முதலில் எண்களைப் போட்டுப் பார்ப்போம். நிரூபணம் அதற்குப் பிறகு.

## படி 1: செலவுச் சார்பை எழுதுங்கள்

இட்லி மாவு அரைத்து விற்கும் சின்னக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் அரைக்கும் மாவு q கிலோ. கணக்குக்காக வைத்துக்கொண்ட மொத்தச் செலவு, ரூபாயில்:

```
C(q) = 400 + 20q + q^2
```

400 என்பது மாறாச் செலவு. கடை வாடகை, கிரைண்டருக்கான தவணை போன்றவற்றில் ஒரு நாளின் பங்கு. ஒரு கிலோகூட அரைக்காவிட்டாலும் இது போய்த்தான் தீரும். 20q என்பது அரிசி, உளுந்து, உப்பு, மின்சாரம். கிலோவுக்கு 20 ரூபாய்.

q^2 எதற்கு என்று பலர் யோசிப்பதில்லை. கடையின் வசதிக்கு மேல் அரைக்கும்போது வரும் நெருக்கடிச் செலவு அது. கிரைண்டர் ஓய்வில்லாமல் ஓடினால் கல் சூடேறும். மாவும் சூடாகிச் சீக்கிரம் புளிக்கும். ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டும், வீணாவது கூடும், இரவில் நிற்க ஆளுக்குத் தனிக் கூலி தர வேண்டும். 5 கிலோவில் இது வெறும் 25 ரூபாய். 40 கிலோவில் 1,600 ரூபாய். இந்த உறுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

## படி 2: இரண்டு செலவுகளையும் பிரித்தெடுங்கள்

சராசரிச் செலவு என்றால் மொத்தச் செலவைக் கிலோக்களால் வகுத்தது. இறுதிநிலைச் செலவு என்றால், இப்போது அரைக்கும் அளவுக்கு மேல் கொஞ்சம் கூட்டினால் மொத்தச் செலவு என்ன வேகத்தில் ஏறும் என்பது. அதாவது C-யின் வகைக்கெழு.

```
AC(q) = C(q)/q = 400/q + 20 + q
MC(q) = C'(q)  = 20 + 2q
```

MC-யில் 400 காணாமல் போய்விட்டதைக் கவனியுங்கள். வாடகை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இன்னொரு கிலோ அரைப்பதால் அது ஒரு பைசாகூட ஏறாது. AC-யில் அது 400/q ஆக நிற்கிறது, அதாவது எல்லாக் கிலோக்களும் சேர்ந்து வாடகையைச் சுமக்கின்றன.

## படி 3: அட்டவணை போடுங்கள்

எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் A நெடுவரிசையில் 1 முதல் 40 வரை எண்களை இடுங்கள் (முதல் வரிசை தலைப்புக்கு). பிறகு:

```
B2: =400+20*A2+A2^2
C2: =B2/A2
D2: =20+2*A2
E3: =B3-B2
```

நான்கையும் கடைசி வரை கீழே இழுத்துவிடுங்கள். A-யை 0-வில் தொடங்கினால் C நெடுவரிசையில் `#DIV/0!` வரும். ஒன்றுமே அரைக்காதபோது கிலோவுக்கு எவ்வளவு என்ற கேள்விக்கே இடமில்லை. முக்கியமான வரிசைகள் இவை:

| q | மொத்தம் C | சராசரி AC | இறுதிநிலை MC |
|---|---|---|---|
| 10 | 700 | 70 | 40 |
| 16 | 976 | 61 | 52 |
| 20 | 1,200 | 60 | 60 |
| 25 | 1,525 | 61 | 70 |
| 40 | 2,800 | 70 | 100 |

சராசரி 70-லிருந்து இறங்கி 20 கிலோவில் 60-ஐத் தொட்டு மறுபடி ஏறுகிறது. 20-க்கு முன்னால் MC எப்போதும் AC-க்குக் கீழே. 20-க்குப் பின்னால் எப்போதும் மேலே.

## படி 4: 20-ஆம் கிலோவையும் 21-ஆம் கிலோவையும் கிட்டே போய்ப் பாருங்கள்

விதியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. E நெடுவரிசையைப் பாருங்கள். 19 கிலோவுக்கு மொத்தச் செலவு 1,141 ரூபாய், சராசரி 60.05. இருபதாவது கிலோ அரைக்க ஆகும் கூடுதல் செலவு 1,200 − 1,141 = 59. அதுவரை இருந்த சராசரியைவிட மலிவான ஒரு கிலோ உள்ளே வருகிறது; சராசரி 60-க்கு இறங்குகிறது.

அடுத்தது 21-ஆம் கிலோ. கூடுதல் செலவு 1,261 − 1,200 = 61. சராசரியைவிட விலை கூடின கிலோ. சராசரி திரும்ப 60.05-க்கு ஏறுகிறது.

கிரிக்கெட்டில் ரன் விகிதம் நகர்வதும் இப்படித்தான். பத்து ஓவரில் விகிதம் 6 என்றால், அடுத்த ஓவரில் 4 ரன் மட்டும் வந்தால் விகிதம் இறங்கும். 9 ரன் வந்தால் ஏறும். சரியாக 6 வந்தால் அசையாது. புதிதாக வருவது சராசரிக்குக் கீழே இருக்கும்வரை அது சராசரியைக் கீழே இழுக்கும், மேலே போனதும் மேலே இழுக்கும். இறக்கம் ஏற்றமாக மாறும் இடத்தில் இரண்டும் சமமாக இருந்தே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் புதியவர்கள் குழம்புவது ஒன்று உண்டு. E நெடுவரிசையில் 59 இருக்கிறது, 61 இருக்கிறது, 60 எங்கேயும் இல்லையே! சூத்திரம் தப்பில்லை. E காட்டுவது ஒரு முழுக் கிலோவுக்கான ஏற்றம். D காட்டுவது சரியாக 20 என்ற புள்ளியில் உள்ள வேகம். 59-க்கும் 61-க்கும் நடுவில்தான் அந்த 60 இருக்கிறது. அரைக் கிலோ, கால் கிலோ என்று இடைவெளியைச் சுருக்கினால் இரண்டும் நெருங்கி வரும். அப்படிச் சுருக்கும்போது E-யில் வரும் வித்தியாசத்தை இடைவெளியால் வகுக்க மறக்காதீர்கள். மறந்தால் MC பாதியாகவோ காலாகவோ தெரியும்.

## படி 5: நிரூபணம்

AC = C/q என்பதை வகுத்தல் விதிப்படி வகையிடுங்கள்:

```
AC' = (q*C' - C) / q^2
    = (C' - C/q) / q
    = (MC - AC) / q
```

q நேர்மமானது என்பதால் AC' எந்தக் குறியோடு இருக்கும் என்பதை MC − AC மட்டுமே தீர்மானிக்கிறது. படி 4-இல் வாயால் சொன்னதேதான் இந்தக் கடைசி வரி. AC' = 0 என்றால் MC = AC. நம் சார்பில் 20 + 2q = 400/q + 20 + q என்று வைத்தால் q^2 = 400, ஆகவே q = 20.

வகையிடல் தெரியாதவர்கள் இப்படிப் பார்க்கலாம். கிலோவுக்கு 60 ரூபாய் வீதம் ஆகும் செலவு 60q. அதை C-யிலிருந்து கழியுங்கள்:

```
C(q) - 60q = q^2 - 40q + 400 = (q - 20)^2
```

வர்க்கம் ஒருபோதும் எதிர்மமாகாது. எனவே எந்த அளவில் அரைத்தாலும் செலவு 60q-க்குக் குறையாது; சராசரியும் 60-க்குக் கீழே போகாது; q = 20-இல் மட்டும் அதைத் தொடும். வரைபடத்தில், ஆதிப் புள்ளியிலிருந்து போகும் 60q என்ற நேர்க்கோடு செலவு வளைவை வெட்டாமல் 20-இல் உரசிவிட்டுப் போகிறது. உரசும் இடத்தில் கோட்டின் சரிவும் (சராசரி) வளைவின் சரிவும் (இறுதிநிலை) ஒன்றுதான்.

## படி 6: எண்களை மாற்றிச் சோதியுங்கள்

வாடகை கூடி 400 என்பது 900 ஆகட்டும். MC அப்படியே 20 + 2q. AC = 900/q + 20 + q; அடிமட்டம் 30 கிலோவுக்கு நகர்கிறது, அங்கே AC = 30 + 20 + 30 = 80, MC = 20 + 60 = 80. மாறாச் செலவை 100 ஆக்கினால் 10 கிலோவில் இரண்டும் 40. மாறாச் செலவு ஏற ஏற அடிமட்டப் புள்ளி MC கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. அரிசி விலை ஏறி 20 என்பது 30 ஆனால் கதை வேறு: இரண்டு வளைவும் 10 ரூபாய் மேலே போகும், சந்திப்பு 20 கிலோவிலேயே நிற்கும், 70 ரூபாயில்.

## எங்கே தப்பு நடக்கும்

"MC ஏறுகிறது, அதனால் AC-யும் ஏறும்" என்று விடைத்தாளில் எழுதுவதுதான் அதிகம் பார்க்கும் பிழை. நம் கடையில் MC முதல் கிலோவிலிருந்தே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் 20 கிலோ வரை AC இறங்குகிறது. MC ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பொருட்டல்ல. AC-க்கு மேலேயா கீழேயா என்பதே பொருட்டு.

MC = AC என்று கண்டதும் நிறுத்திவிடுவதும் சரியில்லை. MC கீழிருந்து மேலே AC-யைக் கடந்தால்தான் அது சிறுமம். மேலிருந்து கீழே கடந்தால் சராசரி அங்கே உச்சத்தில் இருக்கும். சந்திப்புக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு மதிப்பைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சில சார்புகளில் சந்திப்பே இருக்காது. q^2-ஐ எடுத்துவிட்டு C = 400 + 20q என்று வையுங்கள். MC எப்போதும் 20; AC = 400/q + 20, எப்போதும் அதற்கு மேலே. சராசரி இறங்கிக்கொண்டே போகும், அடிமட்டம் வராது. தேர்வில் இப்படி வந்தால் "சிறுமம் இல்லை" என்பதே விடை. வலிந்து ஒரு q கண்டுபிடிக்க வேண்டாம்.

கடைசியாக, சராசரிச் செலவு குறைந்த இடமும் லாபம் கூடின இடமும் ஒன்றல்ல. மாவு கிலோ 80 ரூபாய்க்கு, எவ்வளவு அரைத்தாலும் விற்றுப்போகிறது என்று வையுங்கள். 20 கிலோவில் லாபம் 1,600 − 1,200 = 400 ரூபாய். 30 கிலோவில் வரவு 2,400, செலவு 400 + 600 + 900 = 1,900, லாபம் 500. சராசரிச் செலவு 63.33-க்கு ஏறியும் லாபம் கூடுகிறது. 21-ஆம் கிலோவுக்கு 61 ரூபாய் செலவழித்து 80-க்கு விற்கும்போது ஏன் நிறுத்த வேண்டும்? இங்கே நிறுத்த வேண்டிய இடம் MC விலையைத் தொடும் 30 கிலோ. விலை 60 ஆக இறங்கினால் அந்த இடம் 20 கிலோவுக்கு வந்துவிடும், லாபம் சுழி.