இணைப்புச் செய்திக்குப் பிறகு என் ஆஃபர் என்ன ஆனது

ஆஃபர் லெட்டரில் கையெழுத்திட்டு நான்காம் நாள், அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணையப்போவதாகச் செய்தி வந்தது. பழைய வேலையில் ராஜினாமா கடிதம் தயாராக இருந்தது, நல்லவேளை, கொடுக்கவில்லை.

முதலில் ஆள்சேர்ப்பு ஏஜென்சிக்காரரிடம் கேட்டேன். "கவலையே வேண்டாம்" என்றார். அவருக்கே செய்தி நான் சொல்லித்தான் தெரியும். அடுத்து ஹெச்ஆருக்கு, "என் ஆஃபர் இன்னும் செல்லுமா?" என்று மெயில் போட்டேன். "தற்போது எந்த மாற்றமும் இல்லை" என்று ஒரு வரி வந்தது. அந்த 'தற்போது'தான் உறுத்தியது. இப்படியே ஆறு நாள் போனது.

அப்புறம் ஆஃபர் லெட்டரை மறுபடி படித்தேன். அதை வழங்கியிருந்தது தாய் நிறுவனம் அல்ல, அதன் துணை நிறுவனம். இணையப்போவதும் அதுவேதான். தவிர, ஆஃபருக்குக் கடைசித் தேதியும் இருந்தது.

எனவே என்னை வேலைக்கு எடுத்த மேலாளருக்கு, ஹெச்ஆரையும் சேர்த்து, இப்படி எழுதினேன்:

"இணைப்புச் செய்தியைப் பார்த்தேன். சேர ஆர்வமாகவே இருக்கிறேன். ராஜினாமா கொடுக்கும் முன் மூன்று விஷயங்களை உறுதிப்படுத்த முடியுமா? இந்தப் பணியிடத்துக்கான ஒப்புதல் இப்போதும் உள்ளதா? நியமன உத்தரவு எந்த நிறுவனத்தின் பெயரில் வரும்? சேரும் தேதியும் சம்பளமும் அப்படியேதானா?"

ஆம், இல்லை என்று மழுப்ப முடியாத கேள்வி நடுவில் உள்ளதுதான். அதற்காகவே ஹெச்ஆர் சட்டப் பிரிவிடம் போக வேண்டியிருந்தது. இரண்டே நாளில் புதிய நிறுவனப் பெயருடன் திருத்திய ஆஃபர் லெட்டர் வந்தது. சம்பளம் அதேதான், சேரும் தேதி மட்டும் மூன்று வாரம் தள்ளிப்போயிருந்தது. அதில் கையெழுத்திட்ட பிறகுதான் ராஜினாமா கொடுத்தேன்.