சேதாரம் எந்த எடைக்கு? நகை விலையில் நாம் கோட்டைவிடும் இடங்கள்

நகைக்கடையில் எஸ்டிமேட் சீட்டு கைக்கு வந்ததும் பெரும்பாலோர் தேடுவது, சேதாரம் எத்தனை சதவீதம் என்பதைத்தான். அந்தச் சதவீதம் எந்த எடைக்குப் போடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. கல் வைத்த நகையில் பணம் கைநழுவுவது அங்கேதான்.

ஒரு கல் அட்டிகையை எடுத்துக்கொள்வோம். தராசில் வைத்தால் 24.600 கிராம். அதில் கல்லும் உள்ளே வைத்த அரக்கும் சேர்ந்து 2.600 கிராம். மிச்சம் 22.000 கிராம்தான் தங்கம். இதுதான் நிகர எடை. சேதாரம் 14%, செய்கூலி கிராமுக்கு 100 ரூபாய், கல்லுக்கு 3,000 ரூபாய். கணக்குக்கு வசதியாக 22 காரட் விலை கிராம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

22 கிராமுக்கு 14% சேதாரம் 3.080 கிராம். இரண்டும் சேர்ந்து 25.080 கிராம், 9,000 ரூபாயால் பெருக்கினால் 2,25,720 ரூபாய். செய்கூலி 2,200, கல் 3,000 சேர்த்தால் 2,30,920. இதற்கு 3% ஜிஎஸ்டி 6,927 ரூபாய் 60 காசு. ஹால்மார்க் கட்டணம் 45 ரூபாயும் அதற்கான 18% வரியும் சேர்ந்து 53 ரூபாய் 10 காசு. ஆக மொத்தம் 2,37,900 ரூபாய் 70 காசு.

இனி தவறு நடக்கும் விதத்தைப் பாருங்கள். தங்கத்தின் எடை 22 கிராம் என்று சீட்டில் சரியாகவே இருக்கும். ஆனால் சேதாரம் மட்டும் மொத்த எடையான 24.600 கிராமுக்குப் போடப்பட்டு 3.444 கிராம் ஆகியிருக்கும். கூடுதல் வெறும் 0.364 கிராம் என்பதால் கண்ணில் படாது. ரூபாயில் அது 3,276, வரியோடு 3,374. கல்லுக்கு ஏது சேதாரம்? கண்டுபிடிக்கும் வழி எளிது: சேதார கிராமை நிகர எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். சொன்ன சதவீதம் வராமல் 15.65 என்று வந்தால், எங்கே தவறு என்று தெரிந்துவிடும். செய்கூலியையும் இப்படியே பாருங்கள். அது 22 கிராமுக்கா, சேதாரம் சேர்ந்த 25.080 கிராமுக்கா என்று கேட்டுவிடுவது நல்லது.

கல் எடையைச் சீட்டில் காரட்டில் எழுதியிருந்தால் இன்னொரு குழப்பம் வரும். ஒரு காரட் 0.2 கிராம். 2.6 காரட் கல்லுக்கு 0.520 கிராம்தான் கழிக்க வேண்டும், 2.6 கிராம் அல்ல. தங்கத்தின் தரத்தைச் சொல்லும் 22 காரட் வேறு, கல்லை நிறுக்கும் காரட் வேறு.

அடுத்தது, இரண்டு கடைகளை ஒப்பிடும்போது நடப்பது. ஒரு கடையில் ‘செய்கூலி இல்லை, சேதாரம் 14%’. இன்னொன்றில் சேதாரம் 9%, செய்கூலி கிராமுக்கு 350 ரூபாய். செய்கூலி இல்லை என்றதும் மனம் முதல் கடைக்குப் போய்விடும். கிராமுக்கு எவ்வளவு கூடுகிறது என்று ரூபாயில் பாருங்கள். முதல் கடையில் 9,000 ரூபாயில் 14%, அதாவது 1,260 ரூபாய். இரண்டாவதில் 810 கூட்டல் 350, மொத்தம் 1,160 ரூபாய். 22 கிராமுக்கு இரண்டாவது கடை 2,200 ரூபாய் மலிவு. தங்கம் விலை ஏற ஏற இந்த வித்தியாசமும் கூடும். சேதாரம் தங்கத்தின் விலையோடு ஏறும். ரூபாயில் பேசிய செய்கூலி அப்படியே நிற்கும். சதவீதத்தை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

‘சேதாரத்தில் 20% தள்ளுபடி’ என்றால் 14% என்பது 11.2% ஆகும், அவ்வளவுதான்.

விலையில் கவனிக்க வேண்டியது, 24 காரட் விலையை 22 காரட் நகைக்குப் போட்டுவிடக் கூடாது என்பது. சென்னையில் சில நாள் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. நீங்கள் கேட்ட விலையும் பில்லில் இருக்கும் விலையும் ஒன்றா என்று பாருங்கள்.

செய்கூலிக்கு மட்டும் 5% வரி என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் தங்கத்தைக் கொடுத்து நகை செய்யச் சொன்னால் கூலிக்கு 5% வரும். கடையில் செய்து வைத்த நகையை வாங்கும்போது தங்கம், சேதாரம், செய்கூலி எல்லாம் சேர்ந்த தொகைக்கு 3%தான்.

பழைய நகையை மாற்றுவோர் தங்கள் பக்கத்திலேயே ஒரு தவறு செய்கிறார்கள். பழைய நகைக்கு 80,000 ரூபாய் கிடைத்தால் அதைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். வரி புது நகையின் முழு விலையான 2,30,920 ரூபாய்க்குத்தான். 80,000 அதற்குப் பிறகே கழியும். நம் அட்டிகைக்குக் கையில் 2,400 ரூபாய் கூடுதலாக எடுத்துப்போக வேண்டும்.