ஐம்பது பிரதி தாண்டும் முன் டிசைனைப் பதிவு செய்யுங்கள்

நீங்களே வரைந்த பிரிண்டுக்குப் பதிப்புரிமை தானாகவே வந்துவிடும் என்பது பாதி உண்மைதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 15(2)-ஐப் பாருங்கள்: டிசைனாகப் பதிவு செய்யத் தக்க ஒன்றைப் பதியாமல், உற்பத்தி முறையில் 50 முறைக்கு மேல் துணியில் ஏற்றினால் அந்த டிசைனுக்கான பதிப்புரிமை போய்விடும். தாமரை பிரிண்டில் 60 குர்தா அடித்தால் 51-வது பீஸிலேயே பிடி நழுவிவிடுகிறது. அதன் பிறகு வேறொருவர் அதே தாமரையைத் துணியில் அச்சடித்து விற்றால், பதிப்புரிமையைச் சொல்லித் தடுப்பது மிகக் கடினம்.

அதனால் டிசைன்கள் சட்டம் 2000-ன் கீழ் பதியுங்கள். பாதுகாப்பு 10 ஆண்டு. கட்டணம் கட்டினால் மேலும் 5 ஆண்டு. பலர் சறுக்குவது இங்கேதான்: விண்ணப்பிக்கும் முன்பே இன்ஸ்டாகிராமில் படம் போட்டுவிடுகிறார்கள். வெளியான டிசைன் புதியதல்ல என்று பதிவே ரத்தாகலாம். முதலில் விண்ணப்பம், அப்புறம் போஸ்ட்.

வகுப்பையும் கவனியுங்கள். ஆடைக்கு வகுப்பு 02, மீட்டர் துணிக்கு 05. பதிந்த வகுப்புக்கு மட்டும்தான் உரிமை. இரண்டும் விற்பீர்களானால் இரண்டு விண்ணப்பம் போடுங்கள். தேதியிட்ட ஸ்கெட்ச்களைத் தூக்கி எறியாதீர்கள், வரைந்தவர் நீங்கள்தான் என்பதற்கு அவையே சாட்சி.