முன்கண்ணாடி கீறினால் கிளைம் போடலாமா?

ஓடும் லாரியின் டயரிலிருந்து தெறித்த கல்லால் கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி ஒரு சின்ன விரிசல். உடனே கிளைம் போட்டுவிடாதீர்கள், முதலில் பாலிசியைப் புரட்டி, கண்ணாடிக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கிளைம் போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் பெரும்பாலும் அப்படியே நிற்கும். இல்லையென்றால் இதுவும் சாதாரண கிளைம்தான், போனஸ் குறையலாம். அதே விபத்தில் பானெட்டும் நசுங்கியிருந்தால் தனிப் பிரிவு உதவுவது சந்தேகமே.

கணக்கு எளிது: பில்லில் உங்கள் பங்கைக் கழித்தபின் கிடைக்கும் தொகை, இழக்கும் போனஸைவிடக் குறைவென்றால் கைக்காசே லாபம். விரிசல் சின்னதாக இருக்கும்போதே மேலே டேப் ஒட்டி, தண்ணீரும் தூசியும் இறங்காமல் பார்த்துக்கொண்டால், ரெசின் ஊற்றியே சரிசெய்துவிடலாம், செலவும் குறைவு.