கதை எப்படித் தொடங்குகிறது? பிடித்த எழுத்தாளருக்குப் பத்து வயதுக் குழந்தை கடிதம் எழுதும் முறை

பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டு பயிலும் என் அக்காள் மகள், சென்னையில் வாழும் சிறுவர் கதாசிரியர் ஒருவரின் நூலை மூன்று முறை படித்து முடித்த பிறகு, “கதை எப்படித் தொடங்குகிறது என்று அவரிடமே கேட்கலாமா, சித்தி?” என்றாள். அந்தக் கடிதத்தை இரண்டு மாலைப் பொழுதுகளில் எழுதி அனுப்பினோம். முதன்முறையாக இப்படியொரு கடிதம் எழுதவிருக்கும் குழந்தைகளுக்கும், அருகில் அமர்ந்து உதவும் பெரியவர்களுக்கும் பயன்படும் என்பதால், நாங்கள் செய்த வரிசையிலேயே அதை விளக்குகிறேன்.

முதல் படி: கேள்வியைக் குறுக்குதல்

அவளுடைய முதல் வரைவில் நான்கு கேள்விகள் இருந்தன. கதை எப்படித் தொடங்குகிறது, கற்பனை எங்கிருந்து வருகிறது, இதுவரை எத்தனை நூல்கள் எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்குப் பிடித்த நிறம் எது என்பவை அவை. மூன்றாம் கேள்விக்கான விடை நூலின் பின்னட்டையிலேயே இருந்தது. நான்காவது, கதையைப் பற்றியதே அன்று. அவ்விரண்டையும் அவளே அடித்துவிட்டாள். எஞ்சிய இரண்டும் நல்ல கேள்விகள்தாம் என்றாலும், அவற்றுக்கு நேர்மையாக விடை எழுத வேண்டுமானால் எழுத்தாளர் ஒரு நூலே எழுத வேண்டியிருக்கும். அத்தகைய கேள்விக்கு, “நிறையப் படி, நிறைய எழுது” என்ற பொதுவான விடையே வந்து சேரக்கூடும்.

“தொடக்கம்” என்ற சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட நிகழ்வுகள் இருப்பதை இந்த இடத்தில் குழந்தைக்குச் சொல்ல வேண்டும். கதை எழுத்தாளரின் மனத்தில் முளைத்த நேரம் ஒன்று. அச்சிட்ட நூலின் முதல் வரி மற்றொன்று. இவை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முழுக் கதையையும் எழுதிய பிறகே முதல் பக்கத்தை எழுதுபவர்களும், முதலில் எழுதிய பக்கங்களை நீக்கிவிட்டு நடுவில் இருந்த ஒரு காட்சியை முன்னுக்குக் கொண்டு வருபவர்களும் உண்டு. ஆகவே, குழந்தை எந்தத் தொடக்கத்தைப் பற்றிக் கேட்கிறது என்பது கடிதத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அதைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. நூலின் முதல் பக்கத்தைக் குழந்தை வாய்விட்டுப் படிக்கட்டும், “ஏன் இப்படி?” என்று தோன்றும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கட்டும். என் அக்காள் மகள் முதல் வரியிலேயே புள்ளி வைத்தாள். ஓர் ஆட்டுக்குட்டி காணாமற்போன செய்தியோடு அந்தக் கதை தொடங்குகிறது. ஆனால், அது யாருடைய ஆடு என்பது மூன்றாம் பக்கத்தில்தான் தெரிய வருகிறது. “யாருடையது என்று தெரியாமலேயே எனக்கு ஏன் கவலையாக இருந்தது?” என்று அவள் கேட்டபோது, கடிதத்துக்கான கேள்வி கிடைத்துவிட்டது.

இரண்டாம் படி: தன் கதையில் நின்றுபோன இடத்தைச் சொல்லுதல்

குழந்தை தானும் ஒரு கதை எழுதிப் பார்த்து, அது எங்கே நின்றுபோனது என்று இரண்டு மூன்று வரிகளில் சொன்னால், எழுத்தாளர் அந்தக் கதையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பதில் எழுத முடியும். இவள் தாத்தாவுடன் பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு ஃபெர்ரியில் வந்தபோது அவருடைய சாப்பாட்டுக் கேரியர் தொலைந்ததைக் கதையாக எழுத முயன்றாள். காலையில் எழுந்தது, பல் துலக்கியது, பசியாறியது என்று எழுதிக்கொண்டே போனதில், ஃபெர்ரிக்கு வருமுன் இரண்டு பக்கங்கள் முடிந்துவிட்டன. முழுக் கதையையும் கடிதத்துடன் இணைக்க வேண்டாம். கேட்காத கைப்பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்லுமாறு வேண்டுவது தனியான, பெரிய வேண்டுகோள். அதனால் கேள்விக்கான பதிலும் தள்ளிப்போகலாம்.

மூன்றாம் படி: எழுதுதல்

விளித்தலுக்கு முன்னர் எழுத்தாளர் ஆணா பெண்ணா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். சுஜாதா என்ற பெயரில் எழுதியவர் ரங்கராஜன் என்ற ஆண் என்பதை நினைவில் கொண்டால், புனைபெயரை மட்டும் பார்த்து “அம்மா” என்றோ “ஐயா” என்றோ எழுதிவிட மாட்டோம். எங்கள் கடிதத்தின் உடற்பகுதி இவ்வாறு அமைந்தது:

*அன்புள்ள ஐயா அவர்களுக்கு,*

*வணக்கம். எனக்குப் பத்து வயது. நான் பினாங்கில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் ஆட்டுக்குட்டிக் கதையை மூன்று முறை படித்தேன். ஆடு காணவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டீர்கள். யாருடைய ஆடு என்று மூன்றாம் பக்கத்தில்தான் சொன்னீர்கள். ஆனாலும் எனக்கு முதல் வரியிலேயே கவலை வந்துவிட்டது. முதன்முதலில் எழுதியபோதே அந்த வரிதான் முதலில் இருந்ததா, அல்லது பிறகு மாற்றினீர்களா?*

*நானும் ஒரு கதை எழுதுகிறேன். ஃபெர்ரியில் தாத்தாவின் சாப்பாட்டுக் கேரியர் தொலைந்துபோகும் கதை. காலையில் எழுந்ததிலிருந்து எழுதினேன். ஃபெர்ரி வருவதற்குள் எனக்கே சலித்துவிட்டது. கேரியர் தொலைந்த இடத்தில் தொடங்கினால், தாத்தா யார் என்று எப்போது சொல்ல வேண்டும்?*

*நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள். நன்றி.*

*இக்கண்,*
*உங்கள் வாசகி*

கேள்விகள் இரண்டே, இரண்டும் தொடக்கத்தைப் பற்றியவையே. முதலாவதற்கு ஒரே வரியில்கூடப் பதில் எழுதிவிடலாம் என்பதால், வேலை மிகுந்தவரும் பதில் எழுதத் தயங்க மாட்டார்.

பெரியவர்கள் எவ்வளவு திருத்தலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எழுத்துப்பிழையைப் பென்சிலால் சுட்டிக்காட்டலாம். பொருள் விளங்காத வாக்கியத்தைக் குழந்தையிடமே கேட்டு மாற்றச் சொல்லலாம். அதற்கு மேல் வேண்டாம். அவள் “சலித்துவிட்டது” என்று எழுதிய இடத்தில் நான் “அயர்ச்சி ஏற்பட்டது” என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பொருளைக் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. உடனே பழைய சொல்லையே திரும்ப எழுதச் செய்தேன். குழந்தையால் பொருள் சொல்ல முடியாத சொல் கடிதத்தில் இருந்தால், பெரியவரின் கை அளவுக்கு மீறிப் புகுந்துவிட்டது என்று அறியலாம்.

நான்காம் படி: முகவரியும் உறையும்

எழுத்தாளரின் வீட்டு முகவரியைத் தேடி அலைய வேண்டாம். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பதிப்பகத்தின் முகவரியும் முதற்பதிப்பு வெளியான ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். ஆண்டு மிகப் பழையதாக இருந்தால், எழுத்தாளர் இப்போது இருக்கிறாரா என்று பெரியவர் முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும். கடிதம் எழுதிய பிறகு குழந்தைக்கு அச்செய்தி தெரிய வருவது கொடுமை. உறையின் மேல் எழுத்தாளரின் பெயரை முதலிலும், “மே/பா” என்ற பொருளில் “c/o” என்று குறித்துப் பதிப்பகத்தின் பெயரை அடுத்த வரியிலும் எழுதி, கடிதத்தை எழுத்தாளரிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டும் சிறு குறிப்பு ஒன்றையும் உள்ளே வையுங்கள்.

மலேசியாவின் அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம் கொண்டது. இந்தியாவினுடையது ஆறு இலக்கம். பழக்கத்தால் ஓர் இலக்கம் விடுபடுவது எளிது, ஆகவே எண்ணிப் பாருங்கள். உறையின் முகவரி முழுவதையும் ரோமன் எழுத்தில் எழுதி, நாட்டின் பெயரைக் கடைசி வரியில் பெரிய எழுத்துகளில் இடுங்கள். கடிதங்களைப் பிரிப்பவர்கள் தமிழ் அறிந்திருக்க வேண்டியதில்லை. சாதாரண 80 கிராம் தரத் தாள் ஒன்று, ஏ4 அளவில், 5 கிராம் எடை உள்ளது. இரண்டு தாள்களும் சிறிய உறையும் சேர்ந்து 20 கிராமைத் தாண்டா. இருப்பினும், அஞ்சல் நிலைய முகப்பில் எடை போட்ட பின்னரே அஞ்சல் தலை ஒட்டுங்கள்.

பதிலுக்காக மலேசிய அஞ்சல் தலை ஒட்டிய உறையை உள்ளே வைப்பதில் பயனில்லை, ஏனெனில் அந்தத் தலை இந்தியாவில் செல்லாது. எழுத்தாளர் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ வாழ்பவராக இருந்தால் மட்டுமே அது உதவும். வெளிநாட்டவர் என்றால், பெற்றோரின் மின்னஞ்சல் முகவரியைக் கடிதத்தின் அடியில் சேர்க்கலாம். கடிதம் பலர் கை மாறிச் செல்லும் என்பதால், குழந்தையின் வீட்டு முகவரிக்குப் பதிலாகத் தலைமையாசிரியரின் அனுமதியோடு பள்ளி முகவரியை எழுதினோம்.

உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்போது, தான் என்ன கேட்டோம் என்பதைக் குழந்தை மறந்திருக்கக்கூடும். அவள் அந்தப் படியைத் தன் கதை நோட்டில் ஒட்டி, மேலே அனுப்பிய நாளைக் குறித்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் காலையில் எழுந்ததைப் பற்றிய இரண்டு பக்கங்களையும் விட்டுவிட்டு, ஃபெர்ரியின் மேல்தளத்திலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறாள்.