ஏஜிங் ரிப்போர்ட்: பாக்கி தப்பான கட்டத்தில் விழுவது எப்படி?

பணம் வராத பில்களை 1-30, 31-60, 61-90, 90-க்கு மேல் என்று தாமதமான நாள்கணக்கில் பிரித்துக் காட்டுவதுதான் ஏஜிங் ரிப்போர்ட். எக்செலில் அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். ஆனால் தப்பாகப் போட்டாலும் பார்க்கச் சரியாகவே இருக்கும், அதுதான் தொல்லை.

ஒரே வாடிக்கையாளரின் மூன்று பில்களை வைத்துப் பார்ப்போம். 2025 ஜூன் 30-ஆம் தேதிக்கு ரிப்போர்ட் வேண்டும். முதல் பில் மார்ச் 1 தேதியிட்டது, 30,000, கெடு 30 நாள். இரண்டாவது ஏப்ரல் 1, 40,000, இதற்கும் 30 நாள். மூன்றாவது ஜூன் 5, 25,000, இதற்கு மட்டும் 45 நாள்.

பலரும் முதலில் சறுக்குவது, பில் தேதியிலிருந்து நாளை எண்ணுவதில். அப்படி எண்ணினால் ஏப்ரல் பில்லுக்கு 90 நாள் ஆகி 61-90-இல் உட்காரும். உண்மையில் அதன் கெடு மே 1, தாமதம் 60 நாள்தான். ஜூன் பில் இன்னும் மோசம். ஜூலை 20 வரை அவருக்கு நேரம் இருக்கும்போது 25 நாள் தாமதம் என்று காட்டி, கெடுவே வராத பணத்துக்கு அவரிடம் போன் போட வைத்துவிடும். கெடு தேதியிலிருந்து எண்ணுங்கள். கெடு வராத பில்களுக்குத் தனிக் கட்டம் வையுங்கள்.

அடுத்தது `TODAY()`. ஜூன் 30 ரிப்போர்ட்டை ஜூலை 5-ஆம் தேதி திறந்தால் எல்லா பில்லுக்கும் ஐந்து நாள் கூடிவிடும், 60 நாளில் நின்ற ஏப்ரல் பில் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். அதனால் ரிப்போர்ட் தேதியை ஒரு செல்லில் கையால் எழுதுங்கள். இங்கே H1 என்று வைத்துக்கொள்வோம்.

தேதியை மட்டும் நிறுத்தினால் போதாது, பாக்கியையும் அந்த நாளில் நிறுத்த வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். மார்ச் பில்லுக்கு ஜூன் 10 அன்று 18,000 வந்தது, மீதி 12,000 ஜூலை 3 அன்று வந்தது. பணம் முழுதும் வந்துவிட்டதே என்று அந்த வரியை அழித்துவிட்டால், ஜூன் 30 அன்று 91 நாள் தாமதமாக நின்ற 12,000 ரிப்போர்ட்டிலிருந்து காணாமல் போய்விடும். அதனால் தீர்ந்த பில்லையும் அழிக்காமல் வைத்து, வரவுகளை Receipts என்ற தனி ஷீட்டில் பில் எண், தேதி, தொகை என்று எழுதி, ரிப்போர்ட் தேதி வரை வந்ததை மட்டும் கழியுங்கள். A-இல் பில் எண், C-இல் தொகை, D-இல் கெடு தேதி இருந்தால், E-இல் பாக்கியும் F-இல் நாளும் இப்படி வரும்:

```
E2: =C2-SUMIFS(Receipts!C:C,Receipts!A:A,A2,Receipts!B:B,"<="&$H$1)
F2: =$H$1-D2
```

ஜூலையில் போட்ட புது பில்களையும் விலக்க மறக்காதீர்கள். பில் தேதி H1-ஐத் தாண்டிய வரிகள் கணக்கில் வரக்கூடாது.

கட்டம் பிரிப்பதில் எல்லை நாள்தான் வம்பு. ஒரு கட்டத்துக்கு "<60", அடுத்ததற்கு ">60" என்று எழுதினால், சரியாக 60 நாளில் நிற்கும் நம் 40,000 எதிலுமே விழாது. இரண்டிலும் சமக்குறி போட்டால் இரண்டிலும் விழும். ஒரே சூத்திரத்தில் படிப்படியாக இறங்கினால் இந்தச் சிக்கல் இல்லை:

```
=IF(F2<=0,"கெடு வரவில்லை",IF(F2<=30,"1-30",IF(F2<=60,"31-60",IF(F2<=90,"61-90","90+"))))
```

வேறு மென்பொருளிலிருந்து தேதிகளை இறக்கியிருந்தால் ஒரு சின்ன சோதனை செய்துவிடுங்கள். மாதத்தை முதலில் படிக்கும் கணினியில் 05/06 என்பது மே 6 ஆகிவிடும். ஜூன் பில்லின் கெடு ஜூன் 20-க்கு நகர்ந்து, பத்து நாள் தாமதம் என்று வரும். 25/06 போன்றவை தேதியாக மாறாமல், வெறும் எழுத்தாகச் செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். ஒரே பத்தியில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால், வலப்பக்கம் நிற்பவற்றையும் நம்பாதீர்கள்.

இப்போது நம் கணக்கு: கெடு வராதது 25,000, 31-60-இல் 40,000, 90-க்கு மேல் 12,000, மொத்தம் 77,000. ஆனால் லெட்ஜரில் அதே ஜூன் 30-க்கு 67,000 என்று இருக்கிறது. தேடிப் பார்த்தால், எந்த பில்லுக்கு என்று சொல்லாமல் அவர் அனுப்பிய 10,000 லெட்ஜரில் வரவாகி, நம் வரவு ஷீட்டில் பில் எண் இல்லாமல் கிடக்கிறது. அதைப் பழைய பில்லில் நாமாகவே கழித்துவிட்டால் 90-க்கு மேல் வெறும் 2,000-தான் தெரியும், அவரோ ஏப்ரல் பில்லுக்கு அனுப்பியிருக்கலாம். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை, "பில்லில் சேராத வரவு" என்று ஒரு தனி வரியில் -10,000 காட்டினால் 67,000 டேலி ஆகிவிடும்.